94-ஆ, 90-ஆ? இடுப்புச் சுற்றளவு வரம்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சர்க்கரை, பிரஷர் பரிசோதனைக்குப் போய்வந்த பிறகு கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு கிளாஸ்கோ, சிங்கப்பூர், சென்னை என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது.

கிளினிக் சுவரில் ஆண்களுக்கு 94 என்று போட்டிருக்கிறது. நர்ஸ் எனக்கு 90 என்கிறார். எனக்கு 92. நான் எந்தப் பக்கம்?

நர்ஸ் சொன்னதுதான் உங்களுக்கு. தெற்காசிய வம்சாவளி ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அந்த அளவை எட்டினாலே வயிற்றுப் பருமன் என்று கணக்கு. சுவரில் இருக்கும் 94 ஐரோப்பிய ஆண்களுக்கானது. ஐரோப்பியப் பெண்களுக்கும் 80தான்.

இந்த இரட்டை அளவை 2005-ல் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு, அதாவது ஐ.டி.எஃப்., அறிவித்தது. அதற்கு முன் பரவலாகப் புழங்கிய அமெரிக்க அளவு 102-ம் 88-ம். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஆட்களில் பலர் சர்க்கரையோடும் ஏறிய கொழுப்போடும் இருந்துகொண்டே 'வயிறு சரியாக இருக்கிறது' என்று சீட்டு வாங்கிவிடுவார்கள். அதனால்தான் இனவாரியாகப் பிரித்தார்கள்.

நான் பிறந்தது சாட்ஸ்வொர்த்தில். என் தாத்தாவின் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம். இன்னுமா இந்திய அளவு?

ஆமாம். ஐ.டி.எஃப். இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: பார்க்க வேண்டியது வம்சாவளியை, குடியிருக்கும் நாட்டை அல்ல. 1860-ல் முதல் கப்பலில் வந்தவர்களின் வாரிசாக இருந்தாலும், போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவராக இருந்தாலும் ஒரே வரம்புதான்.

என் பேன்ட் சைஸ் 34. அது 86 செ.மீ.தானே? அப்போ நான் பாஸ்.

இல்லை. தொப்பை இருக்கிற ஆண்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். அளக்க வேண்டிய இடம் அதற்கு மேலே இருக்கிறது. பேன்ட் 34 என்று சொல்லும் ஒருவரை டேப் வைத்து அளந்தால் 95, 96 என்று வருவதெல்லாம் சாதாரணம்.

சரியாக அளக்க இப்படிச் செய்யுங்கள். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால்களைச் சேர்த்து நில்லுங்கள். உடம்பின் பக்கவாட்டில், அக்குளுக்கு நேர் கீழே விரல்களால் அழுத்திக்கொண்டே வந்தால் கடைசி விலா எலும்பின் விளிம்பு தட்டுப்படும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி. அதே நேர்கோட்டில் கீழே இறங்கினால் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். தொப்புளைக் குறியாக வைத்துக்கொள்ளாதீர்கள். வயிறு தொங்கினால் தொப்புளும் கூடவே இறங்கிவிடும்.

டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியிலோ வீட்டில் ஒருவரை விட்டோ பாருங்கள். முதுகுப் பக்கம் இறங்கி நிற்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அழுத்தக்கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் படியுங்கள். வயிற்றை எக்குவது தெரியாமலே நடக்கும், அதனால் பேசிக்கொண்டே அளப்பது என் பழக்கம். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி எடுங்கள். அதற்கு மேல் போனால் முதலிலிருந்து இன்னொரு முறை. நைந்துபோன பழைய தையல் டேப் நீண்டிருக்கும், அளவைக் குறைத்துக் காட்டும். ஒரு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் 83 என்றார்கள், மறுவாரம் இன்னொரு இடத்தில் 87. ஒரு வாரத்தில் நாலு செ.மீ. ஏறுமா?

ஏறாது. அளந்த இடம் மாறியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் முறை நான் மேலே சொன்ன நடுப்புள்ளி. அமெரிக்க முறையில் டேப்பை இடுப்பு எலும்பின் மேல் விளிம்பிலேயே வைப்பார்கள். ஆண்களுக்கு இரண்டும் பெரிதாக வேறுபடுவதில்லை. பெண்களுக்கு இடுப்பு எலும்பை நோக்கி உடம்பு அகலும் என்பதால் அமெரிக்க முறையில் அளவு கூடித் தெரியும். உங்கள் விஷயத்தில் அநேகமாக அதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 94, 80 என்ற அளவுகள் நடுப்புள்ளியில் அளந்து பிறந்தவை. ஒரு இடத்தில் அளந்துவிட்டு வேறு இடத்துக்கு வைத்த வரம்போடு ஒப்பிட்டால் 80-ன் பக்கத்தில் இருக்கிற ஒரு பெண் காரணமே இல்லாமல் தாண்டிவிடுவாள். எங்கே அளந்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

இந்த 94-ம் 80-ம் யார் வைத்தது? ஏன் 95 இல்லை?

மைக் லீன், ஹான், மாரிசன் என்று மூன்று பேர் 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கு கிளாஸ்கோவில் 904 ஆண்களையும் 1,014 பெண்களையும் அளந்தார்கள். அவர்களுடைய கேள்வி ரொம்ப எளிமையானது: எடை பார்க்க மெஷினும் உயரம் பார்க்கக் கம்பமும் கால்குலேட்டரும் இல்லாமல், வெறும் டேப்பை வைத்தே 'நீங்கள் எடை விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்' என்று ஒருவருக்குச் சொல்ல முடியுமா?

எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பிஎம்ஐ 25-ஐத் தாண்டியவர்களையும், பிஎம்ஐ குறைவாக இருந்தும் வயிறு மட்டும் பெருத்தவர்களையும் எந்தச் சுற்றளவு பிடிக்கிறது என்று பார்த்தார்கள். ஆண்களில் 94, பெண்களில் 80 என்று வந்தது. பிஎம்ஐ 30-க்கு அதேபோலப் பார்த்ததில் 102-ம் 88-ம் வந்தன. அமெரிக்க அளவு என்று நாம் சொல்வதும் இதே கிளாஸ்கோ எண்கள்தான். 2001-ல் அமெரிக்கக் கொழுப்பு வழிகாட்டுதல் அவற்றை 40 அங்குலம், 35 அங்குலம் என்று எடுத்துக்கொண்டது.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த எண்கள் பிஎம்ஐயின் நிழல்கள். யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்குச் சர்க்கரை வந்தது என்று வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டுபிடித்த எல்லை இல்லை. அதற்காக உபயோகமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்காட்லாந்து உடம்பில் பிஎம்ஐக்கும் வயிற்றுக்கும் உள்ள பொருத்தம் சாட்ஸ்வொர்த் உடம்பிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே பிஎம்ஐயில் ஐரோப்பியரைவிட நம்மவர் உடம்பில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள் சேர்வது அதிகம்.

சரி, நமக்கு 90 என்று சொன்னது யார்? இந்தியாவில் பார்த்தார்களா?

பெரும்பாலும் சிங்கப்பூரில். அங்கே 1998-ல் நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று இனத்தாரும் சேர்ந்து 4,723 பேரின் அளவுகள் இருந்தன. அமெரிக்காவின் 102/88 இவர்களுக்குப் பொருந்துமா என்று பார்த்த கட்டுரை 2004-ல் வந்தது. பொருந்தவில்லை. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று மாற்றினால்தான் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று ஏற்கெனவே தொந்தரவு ஆரம்பித்தவர்கள் சரியாகப் பிடிபட்டார்கள். ஐ.டி.எஃப். அட்டவணையில் தெற்காசியர் வரிசைக்கு எதிரே இருக்கும் 90/80-க்கு ஆதாரமாகக் காட்டுவது இந்த மூன்று இனத்தாரின் கணக்கைத்தான். 2000-லேயே ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கென்று வந்த ஒரு பரிந்துரையிலும் இதே 90/80 இருந்தது.

இந்தியாவிலும் பார்த்தார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவைச் சேர்ந்த சினேகலதா முதல் ஆசிரியராக 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதிக்கான ஆபத்து எந்த அளவில் கூட ஆரம்பிக்கிறது என்று பார்த்ததில் பெண்களுக்கு அதே 80, ஆண்களுக்கோ 85 வந்தது. ஆக, 90 என்பது தமிழ் ஆணுக்குத் தாராளமான வரம்பு என்று நினைக்கத் தோன்றுகிறது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை இருக்கிற 87 செ.மீ. ஆணை நான் 'நார்மல்' என்று அனுப்பிவிட மாட்டேன், சர்க்கரை பார்க்கச் சொல்வேன்.

இந்த மாதிரி எண்ணை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? ஓட்டெடுப்பா?

கொஞ்சம் ஓட்டெடுப்பும் உண்டு. முதலில் கணக்கைப் பார்ப்போம். நான் சொல்லப்போகும் எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை இல்லை.

200 பெண்களை அளக்கிறோம். ரத்தம், பிரஷர் எல்லாம் பார்த்ததில் 50 பேருக்கு ஏற்கெனவே தொந்தரவு, 150 பேருக்கு இல்லை. இப்போது வரம்பை 80-ல் வைத்துப் பார்க்கிறோம். தொந்தரவு உள்ள 50 பேரில் 46 பேர் 80-ஐத் தாண்டியிருக்கிறார்கள். 92 சதவீதம் பிடிபட்டாயிற்று. ஆனால் ஒன்றுமே இல்லாத 150 பேரில் 90 பேரும் தாண்டியிருக்கிறார்கள். அதாவது நல்லபடியாக இருப்பவர்களில் 40 சதவீதம் பேரைத்தான் சரியாக விட்டிருக்கிறோம்.

வரம்பை 92-க்கு ஏற்றுவோம். 50-ல் 36 பேர் பிடிபடுகிறார்கள், 72 சதவீதம். ஒன்றுமில்லாத 150-ல் 30 பேர் மட்டும் வீணாக மாட்டுகிறார்கள், 80 சதவீதம் பேர் சரியாக விடப்படுகிறார்கள். இன்னும் ஏற்றி 100-ல் வைத்தால் 94 சதவீதம் பேர் சரியாக விடப்படுவார்கள், ஆனால் நோயாளிகளில் பிடிபடுவது 44 சதவீதம்தான்.

பிடிபட்ட சதவீதத்தையும் விடப்பட்ட சதவீதத்தையும் கூட்டி 100-ஐக் கழியுங்கள். 80-ல் 32, 92-ல் 52, 100-ல் 38. எங்கே பெரிய எண் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது ஒரு வழி. யூடன் குறியீடு என்று பெயர். பல ஆய்வுகள் இப்படித்தான் முடிவுக்கு வந்தன.

இதில் இரண்டு இடத்தில் உதைக்கும். முதலாவது, நோயாளியைத் தவறவிடுவதையும் நல்லவரை வீணாகப் பயமுறுத்துவதையும் இந்தக் கழித்தல் ஒரே எடையில் வைக்கிறது. ஒரு விரல்குத்து சர்க்கரை டெஸ்ட்டுக்குச் சில ராண்டுதான் ஆகும் என்றால், வீணாக மாட்டுவதில் பெரிய நஷ்டமில்லை. வரம்பைக் கீழேயே வைக்கலாம். இதைத் தீர்மானிப்பது கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறவர்கள், கணக்கு இல்லை.

இரண்டாவதை யாரும் வெளியே அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்தக் கணக்கில் வரும் எண், அந்த ஊரில் பொதுவாக வயிறு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து நகரும். தொந்தரவு உள்ளவர்களின் சராசரிக்கும் இல்லாதவர்களின் சராசரிக்கும் நடுவில் எங்கோதான் அது போய் நிற்கும். எல்லோரும் பருமனாக இருக்கிற ஊரில் அளந்தால் வரம்பு ஏறும், ஒல்லியான ஊரில் அளந்தால் இறங்கும். ஆகவே 'இந்த இனத்துக்கு இந்த எண்' என்று அட்டவணையில் பார்க்கும்போது, அதில் உடம்பின் இயல்பு எவ்வளவு, அளந்த காலத்து ஊரின் நிலைமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

என்னோடு வேலை செய்யும் ஜூலு சகோதரிக்கு 89. அவருக்கு எந்த அளவு? அட்டவணையில் ஆப்பிரிக்கர் என்று தனியாக எண் இல்லையே.

நல்ல கேள்வி, இந்த நாட்டில் மிக முக்கியமானதும் இதுதான். 2005-ல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கர்களுக்கு என்று போதுமான தகவல் கையில் இல்லை. 'வேறு தகவல் வரும் வரை ஐரோப்பிய அளவையே பயன்படுத்துங்கள்' என்று ஐ.டி.எஃப்.காரர்கள் எழுதிவிட்டார்கள். ஆக, கிளாஸ்கோவில் பிறந்த 94/80 ஒரு வரி உத்தரவில் குவாசுலு-நட்டாலுக்கு வந்து சேர்ந்தது.

2011-ல் டர்பனைச் சேர்ந்த ஆயிஷா மோட்டாலா குழுவினர் தென்னாப்பிரிக்கக் கிராமப்புறக் கறுப்பின மக்களிடம் எடுத்த அளவுகளை வெளியிட்டார்கள். மற்ற ஆபத்துக் காரணிகளில் குறைந்தது இரண்டு இருப்பவர்களை எது சரியாகப் பிடிக்கிறது என்று மேலே சொன்ன மாதிரிக் கணக்குப் போட்டதில் பெண்களுக்கு 92, ஆண்களுக்கு 86 வந்தது. ஐரோப்பிய அட்டவணை தலைகீழாகிவிட்டது, பெண்ணின் வரம்பு ஆணின் வரம்பைவிட மேலே. அடுத்த வருஷம் சொவேட்டோ பெண்களிடம் க்ரௌதர், நாரிஸ் இருவரும் பார்த்ததிலும் 91.5 என்று கிட்டத்தட்ட அதே எண்.

காரணம் இரண்டும் கலந்தது. கறுப்பினப் பெண்களுக்குக் கொழுப்பு தோலுக்கடியிலும் தொடையிலும் பின்புறத்திலும் சேர்வது அதிகம், அதே சுற்றளவுள்ள வெள்ளைப் பெண்ணைவிட வயிற்றுக்குள் குறைவு. கூடவே ஊரின் நிலைமை. 2016 தேசியக் கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்கப் பெண்களில் 68 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ, ஆண்களில் 31 சதவீதம்தான். பெண்ணின் வரம்பு ஏறியதிலும் ஆணின் வரம்பு இறங்கியதிலும் இந்த வித்தியாசத்துக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

உங்கள் சகோதரிக்கு இப்போதைக்கு: அட்டவணையின்படி 80-ஐத் தாண்டிவிட்டார், உள்ளூர் ஆய்வின்படி தாண்டவில்லை. உள்ளூர் எண்ணை வைத்து 'உனக்குப் பரவாயில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். உள்கொழுப்பு குறைவாக இருந்தும் கறுப்பினப் பெண்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது வெள்ளைப் பெண்களைவிட அதிகம் என்று கேப் டவுன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், 89 என்ற எண்ணைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று ஏன்?

ஆண்களுக்குச் சராசரியாகச் சட்டகமே பெரியது. அதோடு பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை கொழுப்பு இடுப்புக்குக் கீழே போகும், ஆண்களுக்கு நேராக வயிற்றுக்குள். ஜப்பானியர் இதை வேறு விதமாக அணுகினார்கள். சி.டி. ஸ்கேனில் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பின் பரப்பை அளந்து, அது 100 சதுர செ.மீ. ஆகும் இடத்தில் வெளிச்சுற்றளவு எவ்வளவு என்று பார்த்தார்கள். ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 வந்தது. பெண்களுக்குத் தோலடிக் கொழுப்பு அதிகம் என்பதால் அதே உள்கொழுப்புக்கு வெளிச்சுற்று பெரிதாகிறது. இதைப் பற்றி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. வெளியே பல குழுக்கள் ஜப்பானியருக்கும் 90/80-ஐத்தான் சொல்கின்றன.

எனக்கு 79.5. தப்பித்தேன் இல்லையா?

டேப்பின் பிழையே 1 செ.மீ. வரை வரும். ராத்திரி பிரியாணி சாப்பிட்டுவிட்டு அளந்தால் 80-ஐத் தாண்டிவிடுவீர்கள். ஆபத்து படிப்படியாகத்தான் ஏறுகிறது, 80-ல் திடீரென்று குதிப்பதில்லை. 79.5-ம் 80.5-ம் ஒரே உடம்பு.

புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் இருந்தேன். 96 இருந்தது 93 ஆகிவிட்டது. நிஜமா?

ஒரே ஆள், ஒரே இடத்தில், காலையில் வெறும் வயிற்றில் அளந்திருந்தால் நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் அளவு கிளினிக்கில் சட்டைக்கு மேலே, இரண்டாவது வீட்டில் வெறும் உடம்பில் என்றால் 3 செ.மீ. சட்டையிலேயே போயிருக்கும். எடையும் கூடவே இறங்கியதா என்று பாருங்கள். மாதம் முடிந்து கோழியும் ஆட்டுக்கறியும் திரும்பிய பிறகு நாலு வாரம் கழித்து ஒரு முறை அளந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

என் மருமகள் வெள்ளைக்காரப் பெண். பேரனுக்கு 19 வயது. அவனுக்கு 90-ஆ, 94-ஆ?

கலப்பு வம்சாவளிக்கு அட்டவணையில் வரிசை இல்லை. நான் 90-ஐ எடுத்துக்கொள்வேன்; தப்பாகப் போனால் ஒரு டெஸ்ட் கூடுதலாக எடுத்திருப்போம், அவ்வளவுதான். இன்னொரு வழி, இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுப்பது. 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். இனம், பால் எதையும் கேட்காத அளவு இது. 2022-ல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பும் பிஎம்ஐ 35-க்குக் கீழே உள்ள பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. பேரன் 178 செ.மீ. உயரம் என்றால் 89-க்குள் இருக்க வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள பாட்டிக்கு 75-க்குள், அதாவது 80 என்ற வரம்பைவிடக் கடுமை.

கர்ப்பமாக இருக்கும்போது?

அளக்க வேண்டாம். எந்த வரம்பும் பொருந்தாது. திரவம் தேங்கி வயிறு வீங்கியவர்களுக்கும் அப்படியே.

பத்து வயசுப் பையனுக்கு?

பெரியவர்களின் எண்ணைப் போடாதீர்கள். 16 வயது வரை அந்த வயதுப் பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட்டு, நூறு பேரில் மேலே உள்ள பத்துப் பேருக்குள் வருகிறானா என்றுதான் ஐ.டி.எஃப். பார்க்கச் சொல்கிறது. 16 முடிந்த பிறகுதான் 90.